ஃபேனை அணைக்கச் சொன்னவன்

வல்லத்திராக்கோட்டைப் பக்கம், கரண்ட் கம்பி எட்டாத முந்திரிக்காட்டுக்குள் ஒரு வீடு. அங்கே இருந்த ஒரு அக்காவின் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்தவர். அவருக்கு இரவும் பகலும் ஃபேன் ஓட வேண்டும் என்றுதான் என்னிடம் சோலார் போட்டார்கள்.

வேறு வேலையில் மிஞ்சிய பெரிய பேனல் ஒன்று என்னிடம் கிடந்தது. அதை மாட்டி, பன்னிரண்டு வோல்ட் பேட்டரி வைத்து, நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்த மலிவான பிடபிள்யூஎம் கண்ட்ரோலரை இணைத்தேன். பேனலில் வாட்டைப் பார்த்தேன், வோல்ட்டைப் பார்க்கவில்லை.

நாலே மாதத்தில் போன் வந்தது. "தம்பி, பொழுது விடியுறதுக்குள்ள ஃபேன் நின்னுருதுங்க."

எங்கள் தொழிலில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "என்னக்கா ஓட்டுனீங்க?" ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் நேரில் போய்ப் பார்க்காமல், ஃபேனைக் குறைத்து ஓட்டச் சொன்னேன். இரண்டு கோடை அப்படியே போனது. பேட்டரியும் செத்தது.

புதுப் பேட்டரியோடு போன அன்றுதான், நல்ல உச்சி வெயிலில் முதன்முறையாகக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். பேனலிலிருந்து எட்டு ஆம்பியர் வந்தது. பேட்டரிக்குள்ளும் அதே எட்டுதான் போனது. அப்போதுதான் புரிந்தது. இருபத்தேழு, இருபத்தெட்டு வோல்ட்டில் முழு பலம் காட்டும் பேனலை அந்தக் கண்ட்ரோலர் பேட்டரியோடு நேராகச் சேர்த்து, பதின்மூன்று வோல்ட்டுக்கு இழுத்துப் பிடித்திருந்தது. ஆம்பியர் கூடாமல் வோல்ட் மட்டும் பாதியானால், கிடைப்பதும் பாதிதான்.

வண்டியில் இருந்த எம்பிபிடி கண்ட்ரோலரை எடுத்து மாட்டினேன். அது பேனலை அதற்குத் தோதான வோல்ட்டிலேயே ஓடவிட்டு, மிஞ்சும் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். பேனல் பக்கம் அதே எட்டு. பேட்டரி பக்கம் பதினாறு! அதே பேனல், அதே வெயில். சந்தோஷப்பட வேண்டிய நான் கூசிப்போய் நின்றேன்.

"இனிமே எந்நேரமும் ஓட்டலாம்க்கா" என்று ஃபேனைப் போட்டேன்.

கட்டிலில் கிடந்தவர் நல்ல கையைத் தூக்கிச் சுவிட்சைக் காட்டினார். குழறலாக வந்தது: "அணைச்சிரு... பேட்டரி போயிரும்."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. "அக்கா, நீங்க அதிகமா ஓட்டல. நான் மாட்டுனதுதான் தப்பு" என்றேன்.

நாலு வசவாவது விழும் என்று தலைகுனிந்து காத்திருந்தேன். அந்த அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வீட்டுக்காரரின் நெற்றியைத் துடைத்தார்.

"புழுங்குது, புழுங்குதுன்னு நீங்க ஃபேன் கேட்டப்பெல்லாம் ஒங்களத்தானே திட்டுனேன்" என்றார்.