எஃப், ஜே: இரண்டு சின்ன மேடுகள்

நீதிமன்றத்தில் எல்லாருக்கும் அவள் டைப் அக்காதான். சாட்சி வாய் திறந்தால் அவள் விரல்கள் ஓடும்; கண் மட்டும் சாட்சியின் முகத்தைவிட்டு நகராது. என்ன திறமை என்று மெச்சினார்கள். மெச்சட்டும். இரண்டு வருடமாக அவளுக்குப் பார்வையின் நடுப்பகுதி கலங்கி, எழுத்தே தெரியவில்லை என்பது அவள் கணவன் ஒருவனுக்குத்தான் தெரியும். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று இருவரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

எஃப், ஜே விசைகளின் மேல் இருக்கும் சின்ன மேடுகளை நம்பித்தான் அவள் பிழைப்பு ஓடியது. ஆள்காட்டி விரல்கள் இரண்டும் அவற்றைத் தடவி உட்கார்ந்துவிட்டால், மற்ற விரல்கள் பக்கத்து விசைகளில் தாமாகவே அமரும். மேலேயும் கீழேயும் எட்டிப் போன விரல் திரும்பி வரவும் அதுவே அடையாளம். பார்க்காமல் அடிப்பவர்களுக்காகவே வைத்த மேடுகள் அவை.

அன்று காலை கணினி பழுதுபார்க்கும் பையன், நல்ல மனசோடு, கீபோர்டின் விசைகளையெல்லாம் கழற்றிக் கழுவி மாட்டியிருந்தான். நடுவரிசையில் எழுத்துகள் தேய்ந்து எப்போதோ அழிந்துவிட்டன. மேடுள்ள இரண்டும் நடுவிரலுக்குத்தான் என்று தானாக முடிவுகட்டி, டி, கே இருக்க வேண்டிய இடத்தில் செருகிவிட்டான்.

கைகள் சற்று விலகி நிற்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. தோள்வலி என்று நினைத்து அடித்துத் தள்ளினாள்.

காகிதத்தை வாங்கிப் பார்த்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். இடக்கை அடித்ததெல்லாம் ஒரு விசை இடதுபக்கம், வலக்கை அடித்ததெல்லாம் ஒரு விசை வலதுபக்கம். ஒரு சொல்கூடத் தேறவில்லை.

"என்னம்மா இது?"

பையன் ஓடிவந்து, விசைகளைத் தடவிப் பார்த்து, முகம் வெளுத்தான். "என் தப்புதாங்க ஐயா. மேடு வெச்ச கீயை இடம் மாத்தி மாட்டிட்டேன்."

அவன் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான்.

"சரிப்பா, மாத்திட்ட. ஒரு பக்கம் முழுக்க இவங்க ஸ்கிரீனைப் பாக்கவே இல்லையா?" என்றார் நீதிபதி.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் வேலை போய்விடும். "அசந்துட்டேன் ஐயா" என்றாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"இனிமே அசராம இருக்க ஒரு வழி இருக்கு. கிளார்க் படிக்க வேண்டாம். அடிச்ச வாக்குமூலத்தை நீங்களே சாட்சிக்கு வாசிச்சுக் காட்டுங்க."

மேடுகள் அவற்றின் இடத்துக்குத் திரும்பின. சாட்சி மறுபடி சொன்னார், அரைப் பக்கம்தான். காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்து, காதில் விழுந்ததையெல்லாம் அப்படியே ஒப்பித்தாள். சாட்சி தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். அவளுக்கு மூச்சு வந்தது.

அடுத்த சாட்சியைக் கூப்பிட்டார்கள். நில அளவையாளர் கூண்டில் ஏறி, எண்பது மனைகளின் நீள அகல அளவுகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.