எழும்ப மறுத்த காலம்

பதின்மூன்று வயதில் நான் வகுப்பில் பிடிவாதக்காரன் என்று பெயரெடுத்தேன். கணக்கு வாத்தியார் கரும்பலகைக்கு அழைத்தால் எழும்பமாட்டேன். விடை தெரியாமல் அல்ல. அந்த நேரம் பார்த்து, எந்தக் காரணமும் இல்லாமல், அரைக்காற்சட்டைக்குள் ஆண்குறி விறைத்து நிற்கும். எழும்பினால் முழு வகுப்பும் பார்க்கும். உட்கார்ந்திருந்தால் பிரம்படி. நான் அடியைத் தெரிவு செய்தேன்.

பள்ளிக்கூடம் போய்வரும் கொழும்பு ட்ராமிலும் இதே கதைதான். குலுக்கலில் தொடங்கிவிடும், இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அடுத்த தரிப்பு வரை போய் நடந்து வருவேன். கெட்ட எண்ணத்தால்தான் இப்படி என்று நினைத்துக் கோயிலில் மன்றாடினேன். மன்றாடும்போதும் வந்தது. என் உடம்பு மேலேயே எனக்கு ஆத்திரம்.

கடைசியில் வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போக மறுத்தேன். அம்மா கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, அம்மாவை வெளியே இருக்கச் சொன்னார்.

"வயித்தில ஒண்டுமில்லை, தம்பி. பள்ளிக்கூடத்தில என்ன கரைச்சல்?"

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இது நோய் வருத்தமில்லை, பாவமுமில்லை. இந்த வயசில உடம்பில புதுச் சுரப்புகள் வேலை செய்யத் தொடங்கும். ரத்தம் அங்க கூடுதலாப் போய் நிரம்பினா விறைக்கும். நினைச்சாத்தான் வரும் எண்டில்லை. குலுக்கத்துக்கும் வரும், பயத்துக்கும் வரும், காலமை எழும்பேக்கையும் வரும். எல்லாப் பெடியளுக்கும் இருக்கு."

அடக்கப் பார்த்துப் பதறினால் இன்னும் நீடிக்கலாம், விட்டுவிட்டால் சில நிமிடங்களில் தானாக அடங்கும் என்றார். மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு வேறெதையாவது நினைக்கச் சொன்னார். உள்ளே இறுக்கமான காற்சட்டை போடலாம். வளர வளர இது குறையும். வலித்தால், அல்லது மணிக்கணக்காக அடங்காவிட்டால் மட்டும் உடனே வரவேண்டும் என்றார்.

"அப்ப வாத்தியார் கூப்பிட்டா?" என்று கேட்டேன்.

"புத்தகத்தை முன்னுக்குப் பிடிச்சுக்கொண்டு எழும்பும், தம்பி."

அம்மாவிடம் வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் புத்தகத்தோடு எழும்பினேன். வாத்தியார் அதை மேசையில் வைக்கச் சொன்னார். மறுத்தேன், மறுபடி அடி. உள்ளங்கை எரிய வந்து உட்கார்ந்தபோது, பக்கத்து வாங்குப்பலகையில் இருந்தவன், எங்கள் வகுப்பில் மிகக் கெட்டிக்காரன், மெதுவாகக் கேட்டான்: "உனக்கும் அதுதானா?"

இடைவேளையில் டாக்டர் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். தனக்கு ஏதோ பெரிய வருத்தம் என்று மாதக்கணக்காகப் பயந்திருந்தானாம். கேட்டு முடித்ததும் அவனுக்குக் கோபம்தான் வந்தது. வாத்தியாரும் ஒருகாலம் பெடியனாக இருந்தவர்தானே என்றான்.

அந்தப் பள்ளித் தவணை முழுக்க, புத்தகத்தைக் கீழே வைக்காததற்காக எனக்கு அடி விழுந்தது. பயம் போயிருந்தது, ஆத்திரம் போகவில்லை; ஆனால் அது இப்போது என் உடம்பு மேல் இல்லை.