எப்படியும் காலி செய்ய வேண்டிய வீடு

வேலைக்கு மனு போடும்போதெல்லாம் முகவரியில் குவார்ட்டர்ஸ் எண், பிளாக் எண், நெய்வேலி என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பேன். எங்கள் டவுன்ஷிப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான். அதற்கு மேல் என்ன வேண்டும் என்ற திமிர்.

படிப்பு முடித்த வருடம், அந்த முகவரியைப் பார்த்தே இரண்டு கம்பெனிகள் ரொம்ப தூரம் என்று கைகழுவின. மூன்றாவது, கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியின் பரிசோதனைக்கூட வேலை. நேர்காணல் முடிந்து ஒரு வாரம் கழித்து, ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்திருந்த அப்பா எழுந்து, எனக்குக் காது கேட்கட்டும் என்று கடகடவென்று ஓடும் ஃபேனை நிறுத்திவிட்டு, புழுக்கத்திலேயே உட்கார்ந்தார். அந்த ஃபேன் சத்தத்துக்கு இன்றும் மனது ஏங்கும்.

நெய்வேலியில் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருக்கிறாயே, அங்கே ஏற்கெனவே வேலை பார்ப்பதை ஏன் மறைத்தாய் என்றுதான் அந்த அம்மா ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலை அப்பாவுக்கு, நான் இன்னும் எங்கும் சேரவில்லை என்று புரியவைத்தேன்.

அடுத்து தூரம். போன முறை வெளியூர்க்காரர் ஒருவர் ஆர்டர் வாங்கிக்கொண்டு வராமலே இருந்துவிட்டாராம். நான் என் திட்டத்தைச் சொன்னேன். கல்லூரித் தோழி காந்திபுரத்தில் ஒரு ஹாஸ்டலில் இருக்கிறாள், மாதக் கடைசியில் அவள் அறையில் ஓர் இடம் காலியாகிறது, சேரும் நாளுக்கு மூன்று நாள் முன்பே வந்துவிடுவேன், வந்ததும் உள்ளூர் முகவரி தருவேன். அப்படியும் அவர் இழுத்தார். அப்பா அம்மாவை விட்டு வர மனசு வருமா என்றார்.

இதையும் கோட்டைவிடக் கூடாது என்ற பயத்தில் வாய் முந்திக்கொண்டது. "அப்பா இந்த வருஷம் ரிட்டயர் ஆகறாங்க மேடம். குவார்ட்டர்ஸ ஒப்படைச்சிடணும். எப்படியும் இது எங்க வூடு இல்ல."

சரி, இதையெல்லாம் ஒரு மெயிலில் எழுதி அனுப்பு என்றார். சந்தோஷமாகத் திரும்பினேன். அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் பிறந்த வீடு அது. காலி செய்யும் பேச்சை அதுவரை யாரும் அங்கே எடுத்ததில்லை. போன மாதம்தான் பின்னால் புதிதாக ஒரு முருங்கைப் போத்து நட்டிருந்தார். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"சரியாத்தான் சொன்ன. நானும் எத்தினியோ நாளா உங்கம்மாகிட்ட சொல்லணும்னு நெனச்சிக்கினு இருந்தேன், வாய் வரல," என்று எழுந்து ஃபேனைப் போட்டார்.

ஆர்டர் தபாலில் வந்தது. அப்பா கவரைப் பிரிக்காமல், மேலே இருந்த முகவரியை என் பெயரிலிருந்து பின்கோடு வரை ஒருமுறை சத்தமாகப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். காகிதத்தை எடுத்துக்கொண்டு கவரை அங்கேயே போட்டுவிட்டு கோயம்புத்தூர் போனேன்.

அப்பாவும் அம்மாவும் டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்தில் வாடகை வீடு பார்த்துப் போனபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுக்கப் போன அன்று அப்பாவின் சட்டைப் பையில் அந்தக் கவர் இருந்ததாக அம்மா போனில் சொன்னார்.