எண்பது வீத வேகம்

எனக்கு நாற்பத்தேழு வயது. அபாயா தைப்பது தொழில். புத்தளத்திலிருந்து கல்பிட்டிக்குப் போகும் பாதையில் இறங்கி உள்ளே நடந்தால் வரும் குடியேற்றம் ஒன்றில் என் வீடு இருக்கிறது. முன்னறையில் தையல் மெஷின், அதற்கு எதிரே டீவி, டீவிக்குக் கீழே என் தம்பியின் பழைய கேம் பெட்டி. புதிது ஒன்று வாங்கியபோது அவன் அதை என்னிடம் தந்துவிட்டான். அவன் உப்பளம் ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறான். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் நேராக என் வீட்டுக்குச் சாப்பிட வருவான். சாப்பிட்டுவிட்டு இருவரும் கொஞ்ச நேரம் விளையாடுவோம். மற்ற நாட்களில் மதியம் லுஹர் தொழுதபின் மெஷினுக்கு ஓய்வு கொடுக்கும் ஒன்றரை மணித்தியாலம் எனக்கே எனக்கானது. என் கணவர் மீன் லொறியோடு போயிருப்பார். நான் கதவைச் சாத்திக்கொண்டு நரிக்குட்டியோடு சுரங்கத்துக்குள் இறங்குவேன்.

கேமில் ஒரு நரிக்குட்டி, வெள்ளம் ஏறுகிற பாழடைந்த சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. பலகைக்குப் பலகை தாவ வேண்டும், சுவரைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டும். பலகைகள் அசையும், சில உடையும், கீழே முள் இருக்கும். நாங்கள் சின்ன வயதில் விளையாடிய கசட் கேம்களின் சாயல் அதில் அப்படியே இருந்தது. பெட்டி பெட்டியான படமும், தாவும்போது வரும் அந்தச் சின்னச் சத்தமும். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. இரண்டாம் நாள் விளையாடியபோதும் கலங்கியது, ஆனால் காரணம் வேறு. முதல் அறையைத் தாண்டவே எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. தாவ வேண்டும் என்று கண் சொல்வதற்கும் பெருவிரல் அமத்துவதற்கும் இடையில் எங்கோ ஒரு கணம் தொலைந்துபோய்க்கொண்டிருந்தது.

அந்தக் கேமிலேயே அதற்கு வழியும் இருந்தது. மெனுவில் அசிஸ்ட் என்று ஒரு பகுதி. அதற்குள் போனால் கேமின் வேகத்தைப் பத்துப் பத்தாகக் குறைக்கலாம். சுவரில் தொங்கும்போது நரிக்குட்டி களைக்காமல் இருக்கச் செய்யலாம். பலகையின் விளிம்பை விட்டுக் கால் விலகிய பிறகும் தாவுவதற்கு இன்னும் கொஞ்ச அவகாசம் தரச் சொல்லலாம். காற்றில் இன்னொரு தாவல் கேட்கலாம், முள் பட்டாலும் சாகாமல் இருக்கக்கூடக் கேட்கலாம். நான் வேகத்தை எண்பது வீதமாக்கினேன். களைப்பை நிறுத்தினேன், விளிம்பு அவகாசத்தைக் கூட்டினேன். மற்ற இரண்டையும் தொடவில்லை. அவற்றையும் எடுத்தால் கேமில் எனக்கு என்ன மிச்சம் என்று ஒரு வெட்கம். ஒரு முறை அசிஸ்ட்டைப் பாவித்துவிட்டால், தொடக்கத்தில் வரும் பட்டியலில் நம்முடைய பதிவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி விழும். பிறகு நிறுத்தினாலும் அந்தக் குறி போகாது.

எண்பதில் எனக்குக் கேம் திறந்துகொண்டது. அது லேசாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். விழுந்தேன், நூறு தரம் விழுந்தேன். ஆனால் ஏன் விழுந்தேன் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிந்தது. அடுத்த முறை திருத்த முடிந்தது. மூன்று மாதத்தில் சுரங்கத்தின் பாதியைத் தாண்டிவிட்டேன்.

தம்பிக்கு அது பிடிக்கவில்லை. அவன் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. நான் விளையாடும்போது போனைப் பார்ப்பான், அல்லது முற்றத்துக்குப் போய்விடுவான். அதே பெட்டியில் இருந்த அவனுடைய பதிவில் வேகம் நூறு. என்னைவிட அவன் எவ்வளவோ பின்னால் நின்றான்.

பிறகு ஒரு கிழமையில் எல்லாம் கெட்டது. எப்போதும் லேசாகத் தாண்டும் வகைப் பலகைகளில் விழுந்தேன். வெள்ளம் எனக்கு முன்னால் ஏறியது. சுவரில் தொங்கிய நரிக்குட்டி கைநழுவி விழுந்தது. இதுவரை வராத கடினமான இடம் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். ஆகவே முன்பு சுலபமாக முடித்த அறைகளுக்குத் திரும்பிப் போனேன். அங்கேயும் விழுந்தேன். எல்லாம் என்னைவிட வேகமாக ஓடுவதுபோல இருந்தது. நான்தான் மெதுவாகிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? எங்கள் உம்மாவுக்கும் ஐம்பதுக்குள் கை நடுங்கத் தொடங்கியது.

புத்தளம் நகரில் ஒரு டொக்டரிடம் போனேன். கேம் விஷயத்தைச் சொல்லவில்லை. தையல் வேலை, கை மெதுவாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார், தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், சீனிக்கு இரத்தம் பார்க்க எழுதினார். பெருவிரல் நரம்பில் கொஞ்சம் இறுக்கம், சுடுதண்ணியில் கையை வைத்து எடுங்கள், வேறொன்றும் இல்லை என்றார். நான் அவரை நம்பவில்லை. என் கையை எனக்குத் தெரியாதா?

அந்த நாட்களில் புத்தளத்துக் கரைத்தீவிலிருந்து ஒரு தாய் மகளின் நிக்காஹ் உடுப்புக்குத் துணி கொண்டுவந்து தந்திருந்தார். பாரமான சாட்டின், விளிம்பெல்லாம் கல் வைத்தது. அதில் கத்தரி ஒரு விரல் விலகினாலும் திருத்த முடியாது. துணியை மேசையில் விரித்து, சோக்கால் கோடு போட்டு, கத்தரியைக் கையில் எடுத்தேன். வெட்ட முடியவில்லை. கோட்டைப் பார்த்தபடி நின்றேன். பிறகு மடித்து வைத்துவிட்டு, எனக்குச் சுகமில்லை என்று அந்தத் தாய்க்குப் போன் எடுத்தேன். அடுத்த நாள் அவர் வந்து துணியை வாங்கிக்கொண்டு போனார். என்ன சுகமின்மை என்று அவர் கேட்கவில்லை. என் கையைத்தான் பார்த்தார்.

மூன்றாவது கிழமை, கண்ணாக இருக்குமோ என்று ஒரு எண்ணம் வந்தது. படம் இருட்டாகத் தெரிவதால்தான் பிந்துகிறேனோ என்று வெளிச்சத்தைக் கூட்டுவதற்காக மெனுவுக்குள் போனேன். வெளிச்சத்துக்குக் கீழேதான் அசிஸ்ட் இருக்கும். வேகம் நூறு என்று இருந்தது. களைப்பு இருந்தது. விளிம்பு அவகாசம் சாதாரணம். ஒன்றுமே என்னுடையதாக இல்லை.

கேம் தானாக மாற்றாது. என் கணவர் அந்தப் பெட்டிக்குத் தூசு தட்டுவதோடு சரி. மிச்சம் ஒருவன்தான்.

நான் வேகத்தை எண்பதுக்குக் கொண்டுவந்து, மற்ற இரண்டையும் பழையபடி ஆக்கிவிட்டு, மூன்று கிழமையாக விழுந்துகொண்டிருந்த அதே அறைக்குப் போனேன். மூன்றாவது தடவையில் தாண்டினேன். கொன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு என் இரண்டு கைகளையும் பார்த்தேன். அழவில்லை. எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு அழுகை போதாது.

வெள்ளிக்கிழமை தம்பி வந்தான். சோறு போடாமல் அவனைக் கதிரையில் இருத்தினேன்.

"அசிஸ்ட்ட நிப்பாட்டினது நீயா?"

அவன் மறைக்கவில்லை. "ஓம் ராத்தா. நான்தான். நீங்க குசினில இருந்த நேரம்."

"ஏன்?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீங்க அத வச்சி விளையாடுறத பாக்க எனக்கு ஏலாமப் போச்சு. நீங்க எப்பிடி விளையாடின ஆள். அது இல்லாட்டியும் உங்களுக்கு ஏலும் எண்டு நினைச்சன்."

அவனுக்கு என்மேல் இருந்தது ஏளனம் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். இல்லை. அவன் பதினாறு வயதுப் பெண் ஒருத்தியைத் தேடிக்கொண்டிருந்தான். தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரைவிட்டு வந்து, கிடுகுக் கொட்டிலில் இருந்த காலத்தில், சவூதியிலிருந்து வந்த மாமா நகரத்தில் வாடகைக்கு எடுத்த வீட்டில் ஒரு டீவி கேம் வைத்திருந்தார். அதில் என்னை வெல்ல ஆளில்லை. அந்தப் பெண்ணை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவள் இனி வரமாட்டாள். அவள் வருவாள் என்று அவன் காத்திருந்ததற்கான தண்டனையை நான் அனுபவித்திருந்தேன்.

"மூணு கிழமையா என்ட கை போச்சுதெண்டு நினைச்சிக்கிட்டு இருந்தன். டொக்டர்ட்ட போனன். கல்யாண உடுப்பொண்ட வெட்டப் பயந்து திருப்பிக் குடுத்தன். இது தெரியுமா உனக்கு?"

அவனுக்குத் தெரியாது. அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். ஆனாலும் அடங்காமல் ஒன்று சொன்னான். அசிஸ்ட்டோடு முடித்தால் அது நாமே முடித்ததாக ஆகாதே என்றான்.

"மாமாட வீட்டில, கேமில பெரிய பள்ளம் வந்தா கொன்ட்ரோலர எனக்கு நீட்டுவாய். நான் தாண்டித் தருவன். பிறகு நீ விளையாடி, நான்தான் முடிச்சன் எண்டு மாமாக்குச் சொல்லுவாய். நான் ஒரு நாளாவது இல்லையெண்டு சொன்னனா?"

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சோறு போட்டிருப்பேனோ என்னவோ. அதற்குப் பதிலாக, அந்த உடுப்புக்காரி எங்கே இருக்கிறார் என்று கேட்டான்.

அவனுடைய மோட்டார் சைக்கிளில் கரைத்தீவுக்குப் போனோம். அவன் வேலியோடு நின்றான், நான் உள்ளே போனேன். துணியை இன்னொருத்தியிடம் கொடுத்தாயிற்று, வெட்டியும் ஆயிற்று என்றார் அந்தத் தாய். அதைக் கேட்க வலித்தது. என் கைக்கு ஒன்றுமில்லை, எனக்குத் தப்பாகத் தெரிந்துவிட்டது என்று சொன்னேன். விளக்கம் சொல்லப் போகவில்லை. அவர் வலீமா விருந்துக்கு என்று வாங்கி வைத்திருந்த வேறொரு துணியை அலுமாரியிலிருந்து எடுத்து வந்தார். மெல்லிய பச்சை. வழுக்கும் துணி, சாட்டினைவிடப் பொல்லாதது. வாங்கிக்கொண்டேன். ஞாயிறு காலையில் அதை விரித்து, கோட்டின்மேல் கத்தரியை வைத்து ஒரே ஓட்டமாக வெட்டினேன். மெதுவாகத்தான் வெட்டினேன். எப்போதும் அப்படித்தான் வெட்டுவேன். மெதுவாக வெட்டுகிறாள் என்று இத்தனை வருஷத்தில் என் வேலையை யாரும் குறைத்துச் சொன்னதில்லை.

கேம் பெட்டியில் எனக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறந்து, என் பதிவை அதற்குள் மாற்றி, நாலு இலக்கத்தால் பூட்டினேன். மெனுவில் தொடாமல் விட்டிருந்ததையும் தொட்டேன். சுரங்கத்தின் கடைசிப் பகுதியில் உடையும் பலகைகள் வரிசையாக வரும் இடத்தில் காற்றில் இன்னொரு தாவலைத் திறந்தேன். அந்த இடம் கடந்ததும் மூடினேன். எங்கே எவ்வளவு வேண்டும் என்று தீர்மானிப்பது நான். வெட்கப்பட வேண்டுமா என்று தீர்மானிப்பதும் நான். முள் பட்டாலும் சாகாத வசதி எனக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் எடுத்திருப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை நரிக்குட்டி வெளியே வந்தது. கடல் தெரிந்தது, பெட்டி பெட்டியான கடல். நான் ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்துவிட்டு மெஷினில் போய் இருந்தேன். கை வேலை செய்தபடி இருக்க, வாய் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

தம்பி இரண்டு வெள்ளிக்கிழமை வரவில்லை. மூன்றாவதில் வந்தான், மீன் வாங்கிக்கொண்டு. சாப்பிட்ட பிறகு நான் புதிதாகத் தொடங்கியிருந்த கேமைப் போட்டேன். இது ஒரு தீவு முழுக்கத் தேடித் திரிவது. போக வேண்டிய திக்கை வரைபடத்தில் காட்டச் சொல்லலாம். பட்டனைத் தொடர்ந்து தட்ட வேண்டிய இடங்களில் அமத்திப் பிடித்தால் போதும் என்று வைக்கலாம். அடி படும் அளவைப் பாதியாக்கலாம். நான் விளையாடத் தொடங்குவதற்கு முன்பே, அவன் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாகத் திறந்து எனக்கு வேண்டியதை வைத்தேன். அவசரப்படவில்லை.

அவன் முற்றத்துக்குப் போகவில்லை. நரிக் கேம் என்ன ஆனது என்று கேட்டான். முடித்துவிட்டேன் என்றேன். காட்டச் சொன்னான். பூட்டைத் திறந்து பட்டியலைக் காட்டினேன். முடித்தது நூறு வீதம், பக்கத்தில் அந்தச் சின்னக் குறி.

"அது அங்கயே இருக்குமா?" என்று கேட்டான்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தீவுக்குத் திரும்பினேன்.