வடக்கு ஓரம் மட்டும்

கிராம சபையில் பேச வரும்படி ஊராட்சித் தலைவர் போன் செய்தபோதே எனக்குச் சந்தேகம்தான். சங்கரன்கோவிலில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்துகிறவள் நான். செயற்கைக்கோள் படங்களை வைத்துக் குளங்கள் எவ்வளவு சுருங்கியிருக்கின்றன என்று பார்ப்பதும் என் வேலைதான். அவர் ஊர் மேலநீலிதநல்லூருக்குப் பக்கம். "குளத்து ஆக்கிரமிப்ப எல்லாருக்கும் காட்டிருங்க மேடம்" என்றவர், போனை வைக்கும் முன், "வடக்கு ஓரத்த மட்டும் பெருசாக் காட்டுனாப் போதும்" என்றார்.

அதென்ன வடக்கு மட்டும்? படத்தைத் திறந்து பார்த்தேன். வடக்கே நாலைந்து ஓட்டு வீடுகள். தெற்கே ஒரு பெரிய எலுமிச்சைத் தோட்டம் குளத்துக்குள்ளேயே ஏறி உட்கார்ந்திருந்தது. விசாரித்தால், தலைவருடைய மச்சினன் தோட்டமாம். அட, அப்படியா சேதி! குளம் முழுவதையும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஊர்க்காரர்கள் என்னையும் நம்பவில்லை. "கோடையில எடுத்த படத்தக் காட்டிக் கொளம் வத்திட்டுன்னு சொல்லுதியளா?" என்று ஒருவர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார். நல்ல கேள்வி. பழைய படம், புதுப் படம் இரண்டுமே நல்ல மழை பெய்த வருஷங்களின் மார்கழிப் படங்கள் என்று காட்டினேன். பழையதில் தண்ணீர் பரந்து கிடந்த தெற்கு மூலையில் புதியதில் மரங்கள். கிராம வரைபடத்தின் குளத்து எல்லையை மேலே வைத்தேன். தோட்டத்தில் பாதிக்கு மேல் எல்லைக்கு உள்ளே கிடந்தது.

முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா கையைத் தட்டினாள். குத்தகைக்கு வயல் வைத்து நெல் போடுகிறவள். "இதத்தான நான் தொண்ட கிழியக் கத்துதேன்! தண்ணி தோட்டத்தத் தொட்டுட்டா தோட்டக்காரன் மடையத் தொறந்து வீணா வெளிய விட்டுருதான். தையில என் பயிரு காயுது!" தலைவர் மூஞ்சி போன போக்கைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, மறைப்பானேன்.

"படம் நெசந்தானான்னு பாப்போம், என் வீட்டக் காட்டுங்க" என்றாள் அவள். தெளிவான புதுப் படத்தில் வடக்கே போய்ப் பெரிதாக்கினேன். அவள் எழுந்து வந்து, திரையில் விரலை வைத்து, "இந்தா, இதான்!" என்று சிரித்தாள். எல்லைக் கோடு அவள் வீட்டின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது.

தலைவர் விடுவாரா? "அப்பம் மொதல்ல அங்கன இருந்தே எடுத்துருவோம். மேடமே காட்டிட்டாங்கள்லா?"

எனக்கு வந்ததே கோபம்! "படத்த வச்சு யார் வீட்டையும் இடிக்க முடியாது, அண்ணாச்சி" என்றேன். வரைபடத்தைப் படத்தின்மேல் வைக்கும்போது கோடு சில மீட்டர் அங்குமிங்கும் தள்ளும். பழைய படத்திலோ ஒரு புள்ளி என்பது தரையில் முப்பது மீட்டர். வீடு அதற்குள் அடங்கிப்போகும், உள்ளேயா வெளியேயா என்று தெரியாது. தோட்டம் பல புள்ளிகள். ஓரத்தில் வேண்டுமானால் தகராறு வரும், நடுவில் வராது. இதைச் சொல்லி முடிப்பதற்குள், "தோட்டத்துக்கு ஒரு நாயம், வீட்டுக்கு ஒரு நாயமா? யாரு ஒங்கள அனுப்புனா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அந்த அக்கா என்னையே பார்த்தாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "எனக்காவ ஒண்ணும் பேச வேண்டாம், டீச்சர். சர்வேயர் வரட்டும். கொளத்தச் சுத்திக் கல்லு போடட்டும். என் வீடு உள்ள கெடந்தா நானே எடுத்துக்கிடுதேன். தோட்டமும் போவணும். அப்படித் தீர்மானம் எழுதுங்க."

அதற்குமேல் யார் என்ன பேச முடியும்? கைகள் உயர்ந்தன. தலைவரும் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

சர்வேயர் வந்து அளந்தார். தோட்டத்தில் பெரும்பகுதி குளம். அக்கா வீட்டில் அடுப்படி மட்டும் குளம். இரு தரப்புக்கும் நோட்டீஸ் வந்தது. தோட்டக்காரர் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார். அக்கா கெடு முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை, ஆள் வைத்து அடுப்படியை இடித்துவிட்டாள்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் மூன்று கல் கூட்டி, காற்றுக்கு ஒரு தகரத்தை மறைப்பாக வைத்துக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். தையில் தண்ணீர் வந்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"தோட்டத்த எப்பம் எடுப்பாவ?" என்று என்னைக் கேட்டாள்.

"கேஸ் நடக்குக்கா" என்றேன்.

டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "அப்பம் நாந்தான் அவசரப்பட்டுட்டேனா, டீச்சர்?" என்று கேட்டாள்.