நின்றால் தீரும் நோ

என் இடது கெண்டைக்காலில் நோ வரத் தொடங்கிய காலத்தில், அதற்கு மருந்து சிகரட்தான் என்று நம்பியிருந்தேன். நீர்வேலியில் எங்கள் வாழைத்தோட்டம், வீதியிலிருந்து பிரிகிற சின்ன ஒழுங்கையிலிருந்து உள்ளே நீண்டு கிடக்கிறது. குலையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒழுங்கைக்கு வரும் வழியில் பாதித் தூரத்தில் கெண்டைக்கால் இறுகும். யாரோ உள்ளேயிருந்து முறுக்குவது போல இருக்கும். குலையை இறக்கி வைத்துவிட்டு ஒரு சிகரட்டைப் பற்றவைப்பேன். அது பாதி எரிவதற்குள் நோ போய்விடும். மீதியை இழுத்துவிட்டு நடப்பேன். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று.

மனைவி கேட்டால் வாய்க்காலைப் பார்க்க நின்றேன் என்பேன். அவளின் அண்ணன், என் மச்சான், பக்கத்துத் தோட்டக்காரன். எங்கள் இருவருக்கும் ஒரே வயது, ஒரே பழக்கம். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் பற்றவைத்தால் இந்தப் பக்கம் எனக்கும் கை துருதுருக்கும். நோவைப் பற்றி அவனிடம் சொன்னபோது, "வயசு மச்சான், எண்ணெய் பூசு" என்றான். பூசினேன். எண்ணெய் மணந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

கடைசியில் மனைவிதான் என்னை ஆஸ்பத்திரி கிளினிக்கிற்கு இழுத்துப் போனாள். அங்கே இருந்த டொக்டர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். என் பாதத்தின் மேல் விரலை வைத்து நாடியைத் தேடினாள். வலது காலில் சட்டென்று அகப்பட்டது. இடது காலில் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் தேடினாள். பிறகு கையிலும் கணுக்காலிலும் பிரஷர் அளந்தார்கள். வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது முடிவுகள் அவளின் மேசையில் இருந்தன.

"ஐயா, நோ வரேக்குள்ள என்ன செய்யிறனீங்கள்?"

"நிண்டு ஒரு சிகரட் பத்துவன் டொக்டர். உடன போயிடும்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். டொக்டர் சிரிக்கவில்லை.

"அடுத்த முறை நோ வந்தா நில்லுங்கோ. பத்தாமல் நில்லுங்கோ. என்ன நடக்குதெண்டு பாருங்கோ."

அன்று பின்னேரமே தோட்டத்தில் பார்த்தேன். நோ வந்தது. நின்றேன். கை பொக்கற்றுக்குப் போனது. வெளியே எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். நோ மெல்ல மெல்ல இறங்கி, சிகரட் இல்லாமலே போய்விட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வருடமாக என் காலை ஆறவைத்தது நிற்றல். அந்த நேரத்தில் நான் இழுத்ததோ, காலை அந்த நிலைக்குக் கொண்டுவந்த அதே புகை.

அன்று கிளினிக்கில் டொக்டர் விளக்கியதை நான் பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "இரத்தக் குழாயின்ரை உள்பக்கத்தில மெல்லிய படலம் ஒண்டு இருக்குது. புகை முதலில அதைத்தான் கெடுக்கும். கெட்ட இடத்தில கொழுப்புப் படியும், குழாய் ஒடுங்கும். நடக்கேக்குள்ள காலுக்குக் கூடுதலா இரத்தம் வேணும், ஆனா உங்கடை குழாயால அவ்வளவு போகேலாது. அதுதான் நோ. நிண்டா காலுக்குக் குறைஞ்ச இரத்தமே போதும், நோ தீரும்." பிறகு இரத்தப் பரிசோதனைத் தாளில் ஓர் எண்ணைப் பேனையால் வட்டமிட்டாள். "உது எச்.டி.எல். நல்ல கொலஸ்ட்ரோல் எண்டு சொல்லுவினம். குழாயில படியிற கொழுப்பை அள்ளிக்கொண்டு ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுபோறது அதுதான். புகை அதையும் குறைச்சுப்போடும். படியிறது கூடுது, அள்ளுறது குறையுது. உங்களுக்கு நல்லாக் குறைவு."

"விட்டா ஏறுமோ?"

"ஓம், ஏறும். சில கிழமையிலயே தொடங்கும். நடந்தா இன்னும் கொஞ்சம் ஏறும். ஆனா எச்.டி.எல் ஏறினா மட்டும் எல்லாம் சரியெண்டு நினைக்காதேங்கோ. குழாய் மேலும் கெடாமல் நிக்கிறதுதான் பெரிய லாபம்."

கெட்ட கொலஸ்ட்ரோலுக்கும் இரத்தம் உறையாமல் இருப்பதற்கும் குளிசை தந்தாள். நோ வரும்வரை நடந்து, வந்த பிறகும் கொஞ்சம் பொறுத்து நடந்து, பிறகு நின்று, தீர்ந்ததும் மறுபடி நடக்கச் சொன்னாள். ஒவ்வொரு நாளும். சிகரட்டை அன்றே விட்டேன்.

அந்த முதல் கிழமைகளை நினைத்தால் இப்போதும் உடம்பில் எறும்பு ஊருவது போல இருக்கிறது. ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தால் மற்றக் கை எதையோ தேடும். வாயில் கராம்பைப் போட்டுக் கடித்துக் கடித்து நாக்குப் புண்ணானது. காய்ந்த வாழைச் சருகு வெட்டப் போய்ப் பச்சை இலைகளையும் வெட்டித் தள்ளினேன். நேற்று வெட்டிய வாய்க்காலை இன்று அது கோணல் என்று மறுபடி வெட்டினேன். இறைக்கிற மோட்டாரை நிறுத்திப் போட்டு, நிறுத்திப் போட்டு, அதன் சத்தம் சரியில்லை என்று மனைவியோடு சண்டை பிடித்தேன்.

"மோட்டார் நல்லாத்தான் ஓடுது. நீங்கள்தான் சரியில்லை," என்றாள். "பேசாமல் ஒருக்கா நடந்திட்டு வாங்கோ."

நடந்தேன். ஒழுங்கையால் போய் வீதிக்கு ஏறி, கோயில் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். நோ வந்தால் யாரோ ஒருவரின் மதிலடியில் நிற்பேன். ஊர்ச் சனம் ஏன் நிற்கிறாய் என்று கேட்டால் கோபம் வரும், கேட்காவிட்டாலும் வரும். மச்சான் வேலிக்கு மேலால் பார்த்துச் சிரிப்பான்.

"பள்ளிக்கூடக் காலத்திலயிருந்து பத்தினது மச்சான். இப்ப விட்டு என்னத்தை அள்ளப் போறாய்?"

எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. அவன் ஊதிய புகை வேலியைத் தாண்டி வந்தபோது மூக்கை அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். பிறகு வேலையைத் தோட்டத்தின் மற்றக் கரைக்கு மாற்றிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்தார்கள். எச்.டி.எல் ஏறியிருந்தது. ஓடி ஏறவில்லை, ஐந்து புள்ளி. இன்னும் போதாது. "உங்களுக்கு இது நல்ல ஏற்றம்தான்," என்றாள் டொக்டர். கணுக்காலில் அளந்த பிரஷரோ பெரிதாக மாறவில்லை. நான் முகத்தைத் தொங்கப் போட்டிருக்க வேண்டும்.

"ஐயா, ஒடுங்கின குழாய் ஒரேயடியாத் திரும்ப விரியாது. ஆனா ஒடுக்கம் கூடேல்லை. பத்திக்கொண்டே இருந்திருந்தா இந்த நேரத்துக்குக் கூடியிருக்கும். காலில ஆறாத புண் வந்து, கால் எடுக்கிறவரைக்கும் போன ஆக்களை நான் இந்தக் கதிரையிலயே பாத்திருக்கிறன்."

வீட்டுக்கு வந்து மச்சானிடம் சொன்னேன். ஐந்து புள்ளி என்றதும் அவன் வாய் விட்டுச் சிரித்தான். அன்று முழுக்க எனக்கு ஒரு சிகரட் வேண்டும்போல இருந்தது. சந்திக் கடைவரை போய், கடைக்காரர் என்னைக் கண்டதும் பழக்கத்தில் சிகரட் தட்டை நோக்கிக் கையை நீட்ட, "நெருப்புப்பெட்டி ஒண்டு," என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே நாலு இருந்தன.

அதற்குச் சில நாட்களில் மாமா காலமானார். மனைவியின் தகப்பன், தொண்ணூறை நெருங்கியவர், படுக்கையில் கிடந்து மெல்லத்தான் போனார். செத்தவீடு மச்சானின் வளவில் நடந்தது. வந்தவர்களுக்காக வெற்றிலைத் தட்டும், பக்கத்தில் சிகரட்டும் சுருட்டும் வைத்த தட்டும் சுற்றிச் சுற்றி வந்தன. பந்தலில் இருந்த ஆண்கள் எல்லோரும் புகைத்தார்கள். தட்டு என் மடியருகே வந்து நிற்கும், நான் வெற்றிலையை எடுப்பேன், தட்டு போகும், மறுபடி வரும். எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன். கதிரைகளை அடுக்கினேன். ஐயருக்குத் தேவையானதை எடுத்துக் கொடுத்தேன். ஒருவர், "துக்கத்தில ஒண்டு பத்தினா ஒண்டும் செய்யாது," என்று கையில் திணித்தார். அதைப் பந்தல் காலில் செருகிவிட்டு மனைவி அழுதுகொண்டிருந்த பக்கமாகப் போய் நின்றேன். அவள் அழுகைக்கிடையில் என் சட்டையை மோந்து பார்த்தாள். எனக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்தது.

பெட்டி தூக்கும் நேரம் வந்தது. மருமகன் தோள் கொடுக்க வேண்டும். மச்சான் கொள்ளிக்குடத்தோடு முன்னால் நின்றான். என்னைத் திரும்பிப் பார்த்துத் தணிந்த குரலில், "நீ விடு, உன்ரை காலுக்கு ஏலாது. வேற ஆக்கள் இருக்கினம்," என்றான்.

"தூக்கிறன்," என்றேன்.

சுடலைக்குத் தூரம் கொஞ்சம் இருக்கிறது. முன்பென்றால் ஒழுங்கை திரும்பும் முடக்கிலேயே கால் இறுகியிருக்கும். முடக்கைத் தாண்டினேன். வாசிகசாலையைத் தாண்டினேன். தோட்டக் கரையை அடைந்தபோதுதான் கெண்டைக்கால் மெல்லப் பிடிக்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் பொறுத்து நடந்தேன். பிறகு பின்னால் வந்த ஒருவரிடம் தோளை மாற்றிக் கொடுத்துவிட்டு வரம்பில் நின்றேன். பறை தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. நோ இறங்கியதும் வேகமாக நடந்து அவர்களைப் பிடித்து, சுடலை வாசலில் மறுபடி தோள் கொடுத்தேன். மாமா சுடலைக்குள் என் தோளிலும் போனார் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

திரும்பி வரும்போது மச்சான் என்னோடு நடந்தான். மொட்டையடித்த தலையில் வெயில் விழ, துண்டைப் போட்டுக்கொண்டான். ஒரு மதிலடியில் அவன்தான் முதலில் நின்றான்.

"என்ன?" என்றேன்.

"ஒண்டுமில்லை." குனிந்து வலது கெண்டைக்காலைப் பிடித்துவிட்டான். "கொஞ்ச நாளா இது பிடிக்குது. எண்ணெய்தான் பூசிறன்."

நான் அவனோடு நின்றேன். அவன் கை மடிக்குப் போனது. பிறகு, நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததாலோ என்னவோ, வெறும் கையோடு வெளியே வந்தது.

"உந்தக் கிளினிக் எந்த நாளில?" என்று கேட்டான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கிழமை கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் அவனின் பாதத்தில் நாடியைத் தேடும்போது நான் அவளின் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாடி இருந்தது, மெலிதாக. எச்.டி.எல் என்னுடையதைவிடக் குறைவு. அன்று விட்டான், ஒரு மாதத்தில் ஒரு கலியாண வீட்டில் மறுபடி தொடங்கினான், தங்கைக்கு முன்னால் தலை காட்டாமல் ஒளித்துத் திரிந்தான், பிறகு மறுபடி விட்டான். இப்போது விட்டபடிதான் இருக்கிறான் என்று நினைக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் ஓயாமல் வாய்க்கால் வெட்டுகிற சத்தம் கேட்கிறது. கோணல் என்று தன் மனைவியோடு சண்டை பிடிப்பதும் கேட்கிறது.