ஒன்பது மணித் தயிர்

கேசீன் என்ற சொல்லை நான் முதன்முதலில் கண்டது, கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அச்சகத்தின் பின்னால் இருந்த எங்கள் பளுதூக்கும் கொட்டகையில். யாரோ விட்டுப்போன வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்று அங்கே கிடந்தது. பாலிலுள்ள புரதத்தில் பெரும்பங்கு கேசீன்தானாம். வயிற்றுக்குள் கட்டியாகி மெல்லத்தான் செரிக்குமாம். பயிற்சி செய்தவன் படுக்கும் முன் சாப்பிட்டால், உறங்கும் நேரம் முழுக்கத் தசைகள் தம்மைத் திருத்திக்கொள்ள அது உதவுமாம். பகலில் நான் ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளன். எதையாவது வாசித்தால் அதைச் செய்து பார்க்கும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது.

செய்து பார்க்கக் கையருகே ஓர் ஆளும் இருந்தான். என்னோடு பயிற்சி செய்த நண்பன், மலையகத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவன். மருதானையில் கராஜ் வேலை, கொட்டாஞ்சேனையில் ஒரு போர்டிங்கில் ஒற்றைக் கட்டில். அப்போது ஒரு கம்பனி தன் பளுதூக்கும் அணிக்கு ஆள் தேடியது. தெரிவுப் போட்டியில் நூற்றிருபத்தைந்து கிலோவைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினால் நிரந்தர வேலை, கூடவே கம்பனி அடையாள அட்டை. அவனுக்கு வேலையைவிட அந்த அட்டைதான் பெரிது. யுத்த காலம். அரச அடையாள அட்டையில் தோட்டத்து விலாசத்தோடு கொட்டாஞ்சேனையில் இருந்தவனை ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் நிறுத்தி, இங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். அவனோ நூற்றுப்பதினைந்திலேயே மாதக்கணக்கில் நின்றான்.

முதலில் கேசீன் தூளைத்தான் முயன்றோம். கப்பலில் வேலை செய்த ஒருவர் மூலம் கிடைத்தது, பெயர் எதுவும் ஒட்டாத பொலித்தீன் பையில். அதை அவன் பஸ்ஸில் கொண்டுபோனபோது சோதனைச்சாவடியில் பையைத் திறந்தார்கள். ஆமிக்காரன் என்னவென்று கேட்க, "கிரி, மாத்தயா" என்றிருக்கிறான், சிங்களத்தில் பால் ஐயா என்று. அதோடு விட்டிருக்கலாம். நான் சொல்லிக்கொடுத்த கேசீன் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்ல, வெடிமருந்தோ என்று ஆமிக்காரனின் முகம் மாறிவிட்டதாம். "நீயே சாப்பிட்டுக் காட்டு" என்று ஒரு பிடி அள்ளிக் கொடுத்திருக்கிறான். வறட்டுத் தூள் மேல்வாயில் ஒட்டி நண்பன் இருமிய இருமலில், ஆமிக்காரனே தன் போத்தல் தண்ணீரைக் கொடுத்து அனுப்பிவைத்தானாம். அன்றோடு தூளுக்குக் கும்பிடு போட்டோம்.

அதற்குப் பிறகுதான் தயிர். சட்டியில் வரும் எருமைத் தயிரைப் பழைய வேட்டித் துண்டில் கட்டி, என் அறை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். தண்ணீர் வடிந்துபோக, கேசீன் தங்கும். எனக்கு அரைவாசி, அவனுக்குக் கொடுத்தனுப்ப அரைவாசி. தயிருக்கு வழக்கமாக ஊற்றும் இனிப்பான கித்துள் பாணி கூடாது, வெறும் தயிர்தான் என்றேன்.

"பாணி இல்லாம தயிரா? நோயாளிக்குக்கூட இப்படிக் குடுக்க மாட்டாங்கடா" என்று முறைத்தான்.

ஆனால் சாப்பிட்டான். சாப்பிட்டானா என்று பார்க்க, ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிக்கு அவன் போர்டிங் தொலைபேசிக்கு எடுப்பேன். "தயிர் முடிஞ்சுதோ?" என்பேன். "முடிஞ்சிருச்சு மச்சான்" என்பான். நான் கொப்பியில் ஒரு சரி போடுவேன்.

எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. காலையில் தொடைகளில் நோவு குறைந்த மாதிரி தோன்றியது. அவனோ மூன்றாவது கிழமையில் நூற்றுப்பத்தையே தவறவிட்டான். குரல் கம்மியது. கண்களுக்குக் கீழே கறுத்தது. தயிர் போதவில்லை என்று முடிவுகட்டி இன்னும் இரண்டு கரண்டி கூட்டினேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

ஒரு மாலை, இரும்பைத் தோளில் ஏந்திக் குந்தியவன் அதை அப்படியே கீழே போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்தான். எனக்கு உயிரே போய்விட்டது. மாரடைப்பு என்றே நினைத்தேன். ஓட்டோவில் ஏற்றி, வெள்ளவத்தையிலேயே எங்கள் தோள்களுக்கு வழக்கமாக வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். ஈ.சி.ஜி எடுத்துப் பார்த்தார். இதயத்தில் ஒன்றுமில்லை.

"படுத்தாப் பிறகு நெஞ்சு எரியுதா? வாய்க்குள்ள புளிச்சுத் தண்ணி வருதா?"

"வருதுங்க டாக்டர். கொஞ்ச நாளா உக்காந்துதான் தூங்குறேன்."

எனக்கு அது புதுச் செய்தி. ஒருநாளும் சொல்லவில்லை அவன்.

எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று கேட்டார். பயிற்சி முடிந்து பஸ் ஏறி, சாவடிகளைக் கடந்து போர்டிங் போய்ச்சேர எட்டே முக்காலாகும். அங்கே சோறும் உறைப்புக் கறியும், அதன்மேல் என் தயிர். ஒன்பதரைக்கு வெளிச்சம் அணைந்துவிடும். அந்நேரத்தில் அறைகளில் வெளிச்சம் தெரிந்தால் பொலிஸ் வந்து கேட்கும் என்று போர்டிங்காரருக்குப் பயம். எல்லோரும் படுத்தாக வேண்டும்.

"வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே படுத்தா அமிலம் மேல வரத்தான் செய்யும். எருமைத் தயிர்ல கொழுப்புக் கூட, வயித்தை விட்டு இறங்க நேரம் எடுக்கும்" என்றார்.

"அப்ப தயிர் பிழையோ?" என்றேன்.

"தயிர் பிழையில்லை தம்பி. நெஞ்செரிவு உள்ள ஆளுக்கு அந்த நேரம் பிழை. சீனி வருத்தக்காரரும் ராச்சாப்பாட்டைத் தங்கட டாக்டரிட்டக் கேட்டுத்தான் வைக்க வேணும். நீங்கள் பகலில என்ன சாப்பிடுறீங்கள்?"

முட்டை, மீன், பருப்பு என்று பெருமையாக அடுக்கினேன். "அப்ப உங்களுக்கு அந்தத் தயிரால கிடைக்கிறது கொஞ்சம்தான். முழு நாளைக்கும் எவ்வளவு புரதம் எண்டதுதான் முக்கியம்" என்றுவிட்டு அவனைப் பார்த்தார். அவன் பகலில் ஒரு பேக்கரிப் பணிஸும் பால் கலக்காத பிளேன்ரீயும் என்றான். மத்தியானம் சிலவேளை சோற்றுப் பார்சல்.

வெட்கமாக இருந்தது. கேசீனைப் பற்றி அத்தனை வாசித்த நான், பகலில் என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு தடவையாவது கேட்கவில்லை. இரவுத் தயிரால் அதிகம் பயன்பெறக்கூடியவனும் அவன்தான், அதைத் தொடக்கூடாதவனும் அவன்தான். என் கொப்பியிலோ சரி மட்டும் நிறைந்திருந்தது.

டாக்டரம்மா சில கிழமைக்கு மருந்தும், கட்டில் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல்லும், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணித்தியாலமும் எழுதித் தந்தார். பயிற்சி நேரத்தை மாலை ஐந்து மணிக்கு மாற்றினோம். ஆறரைக்குக் கொட்டகைக்கு எதிர்க் கடையிலேயே சாப்பிட்டுவிட்டு அவன் பஸ் ஏறினான். தயிர் மத்தியானத்துக்கு மாறியது, காலையில் இரண்டு முட்டை. எரிவு அடங்கியது. அவன் படுத்துத் தூங்கினான். தெரிவுப் போட்டியில் முதல் தடவை தவறவிட்டு, இரண்டாம் தடவை நூற்றிருபத்தைந்தை மேலே நிறுத்தி, நடுவர்களின் வெள்ளை விளக்கு எரியும்வரை ஆடாமல் நின்றான். நான் சத்தம் போட்டு அழுதேன்.

பகல் சாப்பாடா, நல்ல தூக்கமா, எது தூக்கியது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிட்டால் ஆய்வு ஆய்வாக இருக்காது. தெரிந்துகொள்ள விரும்பியது வேறொன்று. அட்டை கிடைத்த அன்று கேட்டேன்.

"உக்காந்து கொண்டு நித்திரை கொண்டனீ. எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி இருந்தான்.

"சொன்னா தயிரை நிப்பாட்டிருவ. அப்புறம் ஒன்பது மணிக்குப் போன் வராதுல்ல. கொழும்புக்கு வந்து ஆறு வருசம், சாப்பிட்டியான்னு யாரும் கேட்டதில்லடா."

நான் அதுவரை கேட்டதெல்லாம் தயிரைத்தான். அன்றும் ஒன்பது மணிக்கு எடுத்தேன்.

"சாப்பிட்டனியோ?"

"ஆறரைக்கே சாப்பிட்டேன் மச்சான். நீ பக்கத்துலதானே இருந்த."

"ஓம். தெரியும்" என்றேன்.